7.40 வண்டி எங்கே நின்றது?

"செயல்பாட்டுக் காரணங்களால் சில மின்சார ரயில்கள் தாமதமாக இயங்குகின்றன. பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." புறநகர் ரயிலில் வேலைக்குப் போய்வரும் எவருக்கும் இந்த மாதிரி அறிவிப்பு மனப்பாடம். படித்ததும் பதில் எழுதக் கை பரபரக்கும். பலர் எழுதவும் செய்கிறார்கள். "தங்கள் புகார் உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது" என்று ஒரு வரி வரும். அத்தோடு சரி. மறுநாளும் வண்டி தாமதம்.

புகார் இப்படி ஒரு வரியில் முடிந்துபோவதற்கு அலட்சியம் காரணமாக இருக்கலாம். ஆனால் நாம் எழுதிய பதிலில் அலுவலகத்தார் எடுத்துத் தேடிப் பார்க்க ஏதாவது இருந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். "தினமும் லேட். எங்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் மட்டும் ஒழுங்காக வாங்குகிறீர்களே" என்று எழுதியவருடைய கோபம் நியாயமானது. ஆனால் எந்த வண்டி, எந்த நிலையம், எந்தத் தேதி என்று அதில் எதுவுமே இல்லை. படிப்பவர் நல்லவராகவே இருந்தாலும், அதற்கு ஒரு வரிக்கு மேல் பதில் தர அவரால் முடியாது.

அந்தக் கடிதம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ரயில்வேயில் பயணிகளின் புகார்களைக் கவனிப்பது வணிகப் பிரிவு. வண்டிகளை ஓட்டுவது இயக்கப் பிரிவு. வண்டி எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த வண்டிக்கு எது வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு கோட்டத் தலைமையிடத்திலும் இருக்கிற கட்டுப்பாட்டு அறை முடிவு செய்கிறது. ரயில்வே ஊழியர்கள் அதைக் 'கண்ட்ரோல்' என்றே சொல்வார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிரிவுக் கட்டுப்பாட்டாளர், தன் பாதையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பதைப் பதிவில் வைத்திருப்பார். முன்பு பெரிய வரைபடத் தாளில் பென்சிலால் கோடு இழுத்தார்கள். இப்போது அது கணினியில் ஏறுகிறது. ஆக, நம் வண்டி தாமதமான கதை ஏற்கெனவே அவர்களிடம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. புகாரைப் படிக்கும் வணிகப் பிரிவு ஊழியர் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியை நம் கடிதம்தான் கொடுக்க வேண்டும்.

முதல் பிடி வண்டி எண். நமக்கெல்லாம் வண்டி என்றால் நேரம்தான். ஏழு நாற்பது வண்டி, எட்டுப் பத்து வண்டி என்றே பேசிப் பழகிவிட்டோம். தாமதம் வந்த நாளில் இந்தப் பெயர் குழப்பிவிடும். எட்டு மணிக்கு வந்து நின்றது தாமதமாக வந்த ஏழு நாற்பதா, நேரத்துக்கு வந்த எட்டு மணி வண்டியா? பிளாட்பாரத்தில் நிற்பவருக்கே பல நேரம் தெரியாது. ஆனால் ரயில்வேக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. சென்னைப் புறநகர் வண்டிகளின் எண் 4-இல் தொடங்கும். கால அட்டவணையில் அது இருக்கிறது. அந்த எண்ணையும் தேதியையும் சேர்த்துக் கொடுத்தால், கட்டுப்பாட்டு அறையில் எந்தப் பதிவைத் தேட வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்தது நிலையம். ஒரு வண்டி நேரத்துக்கு ஓடியதா என்று ரயில்வே கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் அது போய்ச் சேரும் கடைசி நிலையத்தை வைத்துத்தான். நீண்டதூர வண்டிகளுக்கு, வழியில் நடக்கும் தண்டவாளப் பராமரிப்பு போன்றவற்றுக்காகச் சில உபரி நிமிடங்களையும் அட்டவணையில் சேர்த்துவைப்பது வழக்கம். அதனால் நடுவழியில் அரை மணி பிந்திய வண்டிகூட முடிவிடத்தில் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கில் ஏறலாம். நடுவழி நிலையத்தில் நிற்கிறவருடைய தாமதம் அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. ஆகவே "வண்டி லேட்" என்று பொதுவாக எழுதுவதை விட, "இந்த நிலையத்துக்கு இத்தனை மணிக்கு வர வேண்டியது, இத்தனை மணிக்கு வந்தது" என்று எழுதுவதில்தான் சத்து இருக்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சென்னை - கும்மிடிப்பூண்டி வழித்தடத்தை எடுத்துக்கொள்கிறேன். வடக்கே விஜயவாடா, கொல்கத்தா, டெல்லிப் பக்கம் போகும் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் புறநகர் மின்சார ரயில்களும் இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதைகள். பின்னால் விரைவு வண்டி வந்தால் மின்சார ரயில் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும்.

பொன்னேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் பயணியைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் நேரங்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. காலை 7.40-க்குப் பொன்னேரியில் ஏறினால் 8.45-க்குச் சென்ட்ரல் புறநகர் முனையம். சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்கு நடந்து, 9 மணி வாக்கில் தாம்பரம் பக்கம் போகும் வண்டியைப் பிடித்தால் 9.30-க்குள் அலுவலகம். சென்ட்ரலுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் ஓட்டமும் நடையுமாகச் சமாளித்துவிடலாம். பதினைந்து நிமிடம் பிந்தினால் முடியாது. அலுவலகத்தில் மூன்று முறை தாமதமாகக் கையெழுத்துப் போட்டால் அரை நாள் விடுப்பு கழியும்.

கடிதம் எழுதும் முன் அவர் இரண்டு வாரம் குறிப்பு எடுக்கிறார். மாதத்தின் 2-ஆம் தேதி திங்கள் முதல் 14-ஆம் தேதி சனி வரை, ஞாயிறு நீங்கலாகப் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் இரண்டே நேரம்: பொன்னேரியில் வண்டி புறப்பட்ட நேரம், சென்ட்ரலில் இறங்கிய நேரம். வழியில் வண்டி நெடுநேரம் நின்றால் அந்த நிலையத்தின் பெயர். செல்பேசியில் தட்டி வைத்துக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு நேரம் எதற்கு என்று கேட்கலாம். தாமதத்தின் காரணத்தை வெளியிலிருந்து ஊகிக்க ஒரு பயணிக்கு இருக்கும் நல்ல வழி இதுதான். பொன்னேரிக்கே இருபது நிமிடம் பிந்தி வந்து, சென்ட்ரலுக்கும் அதே இருபது நிமிடம் பிந்திச் சேர்ந்தால், கோளாறு பொன்னேரிக்கு முன்னால் நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது ரேக் பிரச்சினையாக இருக்கும். ரேக் என்பது பெட்டிகள் கோத்த முழுத் தொடர். ஒரே ரேக் சென்னையிலிருந்து ஒரு வண்டியாகக் கும்மிடிப்பூண்டி போய், அங்கிருந்து இன்னொரு வண்டியாகத் திரும்புகிறது. போன வண்டி பிந்தினால் திரும்பும் வண்டியும் பிந்தும். மாறாக, பொன்னேரியில் நேரத்துக்குக் கிளம்பி சென்ட்ரலுக்குப் பிந்தினால் கோளாறு வழியில். வேறொரு வண்டிக்கு வழிவிட்டிருக்கலாம், சிக்னல் பழுதாகியிருக்கலாம், தண்டவாள வேலை நடந்திருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய ஓரளவு வழியுண்டு. நின்ற நிலையத்தில் பக்கத்துப் பாதையில் விரைவு வண்டி ஒன்று கடந்துபோன கையோடு நம் வண்டி நகர்ந்தால் அது வழிவிட்டதுதான். ஒரே இடத்தில் எல்லா வண்டிகளும் ஊர்ந்து போனால் அது தண்டவாளத்தில் போட்டிருக்கும் வேகக் கட்டுப்பாடாக இருக்கக்கூடும்.

நம் பயணியின் குறிப்பில் தெரிந்தது இது. 7, 14 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் வண்டி நேரத்துக்கு வந்தது. 2, 4, 11 தேதிகளில் ஐந்து முதல் பத்து நிமிடம் பிந்தியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. மீதி ஏழு நாளும் பதினைந்து நிமிடத்துக்கு மேல். அந்த ஏழில் 9, 13 ஆகிய நாள்களில் பொன்னேரிக்கே இருபது நிமிடம் பிந்தி வந்தது. 3, 5, 6, 10, 12 ஆகிய ஐந்து நாளில் பொன்னேரியில் சரியாகக் கிளம்பி, மீஞ்சூரில் ஒதுங்கி நின்று, விரைவு வண்டி ஒன்று போன பிறகு நகர்ந்தது.

தேதிகளைக் கிழமையோடு பொருத்தினால் இன்னொன்று தெரிகிறது. 3-உம் 10-உம் செவ்வாய். 5-உம் 12-உம் வியாழன். இரண்டு வாரமும் ஒரே கிழமைகள். எல்லா விரைவு வண்டிகளும் தினமும் ஓடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் ஓடுபவை நிறைய. குறிப்பிட்ட ஒரு வண்டி அந்தக் கிழமைகளில் 7.40-க்குப் பின்னாலேயே வருகிறது என்று ஊகிக்க இது போதும். "தினமும் லேட்" என்று எழுதியிருந்தால் இந்தச் செய்தி மறைந்தே போயிருக்கும். மிகையாகச் சொல்வதில் இருக்கும் பெரிய நஷ்டம் இதுதான். சனிக்கிழமைப் பதிவை எடுத்துப் பார்க்கும் அதிகாரி "நேரத்துக்குத்தானே வந்திருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் புகாரை மூடிவிடலாம்.

இனி கடிதம். அறிவிப்புக்குப் பதிலாக அவர் எழுதியது இப்படி இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்:

"ஐயா / அம்மையீர், வணக்கம். மின்சார ரயில்களின் தாமதம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் பார்த்தேன். நான் பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வரை சீசன் டிக்கெட்டில் பயணம் செய்பவள். பொன்னேரியில் காலை 7.40-க்குப் புறப்படும் வண்டி (எண் …) இம்மாதம் 2 முதல் 14 வரை நான் பயணம் செய்த 12 நாளில் 7 நாள் சென்ட்ரலுக்கு 15 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. அவற்றில் 3, 5, 6, 10, 12 ஆகிய தேதிகளில் பொன்னேரியில் நேரத்துக்குப் புறப்பட்டு, மீஞ்சூரில் விரைவு வண்டிக்கு வழிவிட்டு நின்றது. 9, 13 தேதிகளில் பொன்னேரிக்கே 20 நிமிடம் தாமதமாக வந்தது. நேரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

"இதனால் கிண்டி செல்ல வேண்டிய இணைப்பு வண்டி தவறி, அலுவலகத்தில் இரண்டு அரைநாள் விடுப்பை இழந்தேன். பாதுகாப்புக்காகவோ பழுதுக்காகவோ வண்டி நிற்க வேண்டிவரும் என்பது புரிகிறது. செவ்வாய், வியாழக் கிழமைகளில் தொடர்ந்து மீஞ்சூரில் நிற்பதற்கான காரணத்தைத் தெரிவிக்குமாறும், அந்த நாள்களில் இந்த வண்டியை முன்னால் விட இயலுமா என்று பரிசீலிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், தாமதம் இருக்கும் என்பதைப் பொன்னேரி நிலையத்திலேயே 7.30-க்குள் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஏற்பாடு செய்தால் நான் மாற்று வழி பார்த்துக்கொள்வேன். நன்றி."

ஏழு மும்மூன்றாகப் பிரிந்தால் இரண்டு அரை நாள், ஒன்று மிச்சம். அவர் இழப்பைக் கூட்டிச் சொல்லவில்லை. கடிதத்தில் யாருடைய பெயரையும் இழுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இதை வெறும் நாகரிகம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஓட்டுநர் சிக்னலை மீறிப் போக முடியாது. மீஞ்சூர் நிலைய அதிகாரி கண்ட்ரோல் சொன்னபடிதான் வண்டியை ஒதுக்குகிறார். "ஓட்டுநர் வேண்டுமென்றே நிறுத்துகிறார்" என்று எழுதினால், விசாரணை அந்த மனிதரின் பக்கம் திரும்பும். அவர் மேல் தவறில்லை என்று தெரிந்ததும் புகாரும் அங்கேயே முடிந்துவிடும். சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கேட்டதையும் பாருங்கள். புதிய தண்டவாளம் போடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அது தேவையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒப்புதலும் நிதியும் மேலிடத்திலிருந்து வர வேண்டும், ஆண்டுகள் பிடிக்கும், கோட்ட அலுவலகம் தானாகச் செய்யக்கூடியதல்ல. ஒரு குறிப்பிட்ட கிழமையில் எந்த வண்டியை முன்னால் விடுவது, ஒரு நிலையத்தில் முன்கூட்டி அறிவிப்பது ஆகியவை கோட்டத்தின் கைக்குள் இருப்பவை. முடியாது என்று சொன்னால்கூட அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டிய கோரிக்கைகள் இவை.

கடிதத்தை எங்கே கொடுப்பது? ரயில்வேயின் பொதுப் புகார் வழி 'ரயில் மதத்' என்ற இணையதளமும் செயலியும். 139 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. முன்பதிவுப் பயணி என்றால் பி.என்.ஆர். எண்ணும், சாதாரணச் சீட்டு என்றால் அதிலுள்ள யு.டி.எஸ். எண்ணும் கையில் இருக்கட்டும். பதிந்ததும் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு வரிப் பதிலோடு புகாரை மூடினால், பதில் திருப்தியா என்று கேட்கும் இடத்தில் 'திருப்தியில்லை' என்று பதிந்துவிட்டு, பழைய குறிப்பு எண்ணைச் சுட்டி, பதில் வராத கேள்வியை மட்டும் மறுபடி எழுதலாம். முழுக் கதையையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. கோட்ட மேலாளர் அலுவலகத்துக்குத் தாளிலும் அனுப்பலாம். அதே வண்டியில் வரும் நாலைந்து பேர் தங்கள் தங்கள் நிலையத்து நேரத்தைக் குறித்து ஒன்றாகக் கையெழுத்திட்டால், வண்டி எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நிமிடங்களை இழக்கிறது என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும். பயணிகள் சங்கம் இருக்கும் ஊர்களில் அவர்களிடம் இந்தக் குறிப்பைக் கொடுக்கலாம். கோட்ட அளவில் ரயில் பயன்படுத்துவோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அங்கே பேசப் போகிறவருக்கும் இப்படிப்பட்ட தேதிக் கணக்குதான் உதவும்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கக்கூடியது ஏற்கெனவே பதிவில் இருக்கும் தகவலை. "ஏன் எங்களை வதைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இந்த எண்ணுள்ள வண்டி இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பொன்னேரி, மீஞ்சூர், சென்ட்ரல் நிலையங்களுக்கு வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதத்துக்குப் பதிவான காரணம்" என்று கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். நம் குறிப்பும் அவர்கள் பதிவும் ஒத்துப்போனால் அதற்குப் பிறகு வாதமே இல்லை.

இழப்பீடு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முன்பதிவு செய்த வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, பயணி பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்க விதி இருக்கிறது. சீசன் டிக்கெட்காரர் இழக்கும் இருபது நிமிடங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜப்பானில் ரயில் நிறுவனங்கள் தாமதத்துக்கு ஒரு சான்றுச் சீட்டுத் தருகின்றன. பயணி அதை அலுவலகத்தில் காட்டலாம். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்குப் பெரிய செலவில்லை, அரை நாள் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவருக்கு அது பெரிய துணை.

ஆனால் தாமதத்துக்கு ரயில்வே பதில் சொல்லத் தேவையே இல்லை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 2016 ஜூனில் அஜ்மீர் - ஜம்மு விரைவு வண்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாமதமாக ஜம்மு சேர்ந்தது. அதில் வந்த ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு வாடகைக் காரில் போக நேர்ந்தது. வழக்கு நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பயணிக்குச் சாதகமான உத்தரவை உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தையும், அது தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதையும் ரயில்வே நிறுவ வேண்டும், இல்லையெனில் இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கிடைத்த தொகையில் வாடகைக் காருக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது. வர வேண்டிய நேரம், வந்த நேரம், அதனால் கைவிட்டுப் போனது: அந்தக் குடும்பத்தின் வழக்கு நின்றதும் இந்த மூன்றின் மேல்தான்.

எனவே அடுத்த முறை வருத்தம் தெரிவிக்கும் அறிவிப்பைப் பார்த்தால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். உங்கள் வண்டியின் ஐந்து இலக்க எண்ணைக் கால அட்டவணையில் பார்த்து எழுதி வையுங்கள். நாளைக் காலை ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் குறிக்கத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள்.